எச்சரிக்கையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

(பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரத்தத்தில் சோடியம் குறைவதைப் பற்றி உங்களில் பலர் குறிப்பு எடுத்து வைத்திருப்பீர்கள். நானும் முதுகலை படிக்கும்போது எடுத்தேன். ஒரே பக்கத்தில் படமாக வரைந்து, கோட் பாக்கெட்டில் மடித்து வைத்திருந்தேன். மேலே ஒரு கட்டம், அதிலிருந்து மூன்று கிளைகள்: உடலில் நீர் வற்றியவர், நீர் அளவு சரியாக உள்ளவர், நீர் கோத்து வீங்கியவர். ஒவ்வொரு கிளைக்கும் கீழே நோய்களின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பு மையில், 'சோடியத்தை வேகமாக ஏற்றாதே' என்று ஒரு வரி. பார்க்க அழகான படம். அந்தப் படத்தில் எது தவறு என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு நோயாளி. சுட்டிக்காட்டியவர் ஒரு சிஸ்டர்.

அந்த அம்மாவுக்கு 62 வயது, எடை 50 கிலோ. இரத்த அழுத்தத்துக்காக மூன்று வாரம் முன்பு ஹைட்ரோகுளோரோதையாசைடு சேர்ந்த மாத்திரை தொடங்கியிருந்தார்கள். நான்கைந்து நாளாகச் சோர்வு, தலைசுற்றல். கடைசி இரண்டு நாள் வாந்தி. அன்று காலை மகனின் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு எடுத்த இரத்தத்தில் சோடியம் 108. இருக்க வேண்டியது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். பொட்டாசியமும் 2.8தான். மகன் பதறிப்போய், "உப்பு குறைஞ்சு போச்சாம், ஊறுகாய் ஏதாவது கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் படங்களிலும் அதே எண்ணம்தான் ஒளிந்திருக்கிறது. ஆய்வக அறிக்கையில் வருவது உடலில் உள்ள மொத்த உப்பின் அளவு அல்ல; ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு உப்பு என்கிற விகிதம். பெரும்பாலான நோயாளிகளிடம் நடந்திருப்பது நீர் மிஞ்சிப்போனதுதான். நீர் ஏன் மிஞ்சுகிறது? சிறுநீரகம் அதை வெளியே விடவில்லை. ஏன் விடவில்லை? வாசோபிரசின் என்ற ஹார்மோன் குழாயை அடைத்து வைத்திருக்கிறது. இந்தக் குழாயை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

இனிப் படத்தை மேலிருந்து வரைவோம்.

முதல் கட்டத்தில் நோயின் காரணத்தைத் தேடக்கூடாது. வலிப்பு வருகிறதா, நினைவு தப்பியிருக்கிறதா, மூச்சு தடுமாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆம் என்றால் மூளை வீங்கிக்கொண்டிருக்கிறது. மற்றச் சோதனைகளின் முடிவுக்குக் காத்திருக்காமல் 3 சதவீத சலைனை 100 முதல் 150 மில்லி வரை பத்து இருபது நிமிடத்தில் செலுத்த வேண்டும். தேவைப்பட்டால் மீண்டும் கொடுக்கலாம். சோடியம் 4 முதல் 6 வரை உயர்ந்தாலே வீக்கத்தின் ஆபத்து பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்த அம்மாவுக்கு வலிப்பு இல்லை. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னார். ஆகவே அடுத்த கட்டத்துக்குப் போக நேரம் இருந்தது.

இரண்டாம் கட்டம், இந்தக் குறைவு மெய்யானதா என்பது. இரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அது செல்களிலிருந்து நீரை வெளியே இழுத்துச் சோடியத்தை நீர்க்கச் செய்யும். சர்க்கரை 100க்கு மேல் ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் சோடியம் ஏறத்தாழ 1.6 முதல் 2.4 வரை குறைந்து காட்டும். கொழுப்போ புரதமோ இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தாலும் சில கருவிகள் பொய்யான குறைவைக் காட்டும்; அதே இரத்தத்தை இரத்த வாயு அளக்கும் கருவியில் போட்டால் சரியான எண் கிடைத்துவிடும். இரத்தத்தின் ஆஸ்மொலாலிட்டி 275க்குக் கீழே இருந்தால் குறைவு மெய்யானது. அம்மாவுக்கு அது 230, சர்க்கரை 110. மெய்யான குறைவுதான்.

மூன்றாம் கட்டத்தில் சிறுநீரைக் கேட்கிறோம். சிறுநீரின் ஆஸ்மொலாலிட்டி 100க்குக் கீழே இருந்தால் குழாய் திறந்தே இருக்கிறது என்று பொருள். நோயாளி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறார், அல்லது சோறும் புரதமும் இல்லாமல் டீயும் பீருமாகக் காலம் தள்ளுகிறார். 100க்கு மேல் இருந்தால் குழாய் அடைபட்டிருக்கிறது. அம்மாவுக்கு 420. அடைத்தது யார் என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று கிளைகள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். உடலில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. காலில் வீக்கமும் வயிற்றில் நீரும் உள்ளவரைக் கண்டுகொள்வதில் சிரமம் இல்லை. ஆனால் லேசாக வற்றியவரையும் சரியான அளவில் உள்ளவரையும் பிரிப்பதில் கண்ணும் கையும் ஏமாறும். 1987இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கையருகே பரிசோதித்த மருத்துவர்கள் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இதைச் சரியாகக் கணித்தார்கள். நாக்கு வறண்டிருக்கிறது என்பீர்கள். வாயால் மூச்சு விடும் எந்த முதியவருக்கும் நாக்கு வறளும். அதனால் கிளையின் தலைப்பைப் பென்சிலில் எழுதுங்கள். பேனாவால் எழுதும் உரிமையைச் சோதனைகளுக்குக் கொடுங்கள்.

என்னென்ன சோதனைகள்? முதலாவது சிறுநீரின் சோடியம். அது 30க்குக் கீழே இருந்தால், சிறுநீரகம் உப்பை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. அதாவது இரத்த ஓட்டம் குறைந்துவிட்டதாக அது நினைக்கிறது. வாந்தி பேதியால் வற்றியவரிடமும் அப்படித்தான் இருக்கும்; இதயம் தளர்ந்தவரிடமும் கல்லீரல் சுருங்கியவரிடமும் அப்படித்தான் இருக்கும். 30க்கு மேல் இருந்தால் வாசோபிரசின் காரணமில்லாமல் சுரக்கும் எஸ்ஐஏடிஹெச், அட்ரினல் குறைபாடு, அல்லது நீர் பிரியும் மாத்திரை. அந்த மாத்திரை உடலில் இருக்கும்வரை சிறுநீர்ச் சோடியத்தின் சாட்சி செல்லாது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்போது யூரிக் அமிலமும் யூரியாவும் கைகொடுக்கும். எஸ்ஐஏடிஹெச்சில் யூரிக் அமிலம் பெரும்பாலும் 4க்குக் கீழே போகும், வற்றியவரிடம் ஏறியிருக்கும். அந்த அம்மாவின் சிறுநீர்ச் சோடியம் 44. அதை மட்டும் பார்த்தால் எஸ்ஐஏடிஹெச் என்று எழுதியிருப்பேன். ஆனால் மாத்திரை இருந்தது. யூரிக் அமிலம் 7.1, படுத்திருக்கையில் 110 இருந்த அழுத்தம் நின்றதும் 90க்கு இறங்கி, நாடி 92இலிருந்து 118க்கு ஓடியது. வற்றியவர்தான். மாத்திரையை நிறுத்தி, நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 40 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு கலந்து, எட்டு மணி நேரத்துக்கு ஓடும்படி மாட்டினேன்.

எவ்வளவு உயரும் என்று சூத்திரம் போட்டும் பார்த்தேன். செலுத்தும் நீர்மத்தின் சோடியத்திலிருந்து நோயாளியின் சோடியத்தைக் கழித்து, உடலின் மொத்த நீருடன் ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். வயதான பெண்ணுக்கு எடையில் 45 சதவீதம் நீர் என்று வைத்தால் 22.5 லிட்டர். 154இல் 108 போக 46; அதை 23.5ஆல் வகுத்தால் 2. ஒரு லிட்டருக்கு இரண்டே இரண்டு மில்லிமோல்! இதற்கா சிவப்பு மையில் எச்சரிக்கை எழுதினோம் என்று நிம்மதியாக வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாலை ஆறு மணிக்கு டியூட்டி சிஸ்டர் என்னைத் தேடி வந்தார். "சார், நாலு மணி வரைக்கும் மணிக்கு 40 மில்லிதான் யூரின் வந்துச்சு. இப்ப ரெண்டு மணி நேரத்துல 800 வந்திருக்கு. தண்ணி மாதிரி இருக்கு. பாட்டி நல்லாப் பேசுறாங்க, ஆனா இது எனக்குச் சரியாப் படல." உடனே இரத்தம் அனுப்பினோம். சோடியம் 115. எட்டு மணி நேரத்தில் ஏழு ஏறியிருந்தது. ஒரு நாள் முழுவதற்குமான வரம்பே எட்டுதான்.

சூத்திரம் எங்கே பிசகியது? எங்கும் பிசகவில்லை, அதற்குச் சிறுநீர்ப் பை தெரியாது, அவ்வளவுதான். வற்றிய உடலில் வாசோபிரசின் சுரந்தது, இரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற. சலைன் உள்ளே போகப் போக ஓட்டம் நிறைந்தது, வாசோபிரசினுக்கு வேலை முடிந்தது, குழாய் திறந்தது. தேங்கியிருந்த வெறும் நீர் கொட்டத் தொடங்கியது. 22.5 லிட்டர் நீர் உள்ள உடம்பிலிருந்து ஒரு லிட்டர் வெறும் நீர் போனால் அதுவே சோடியத்தை நான்கைந்து ஏற்றிவிடும். இன்னொன்றும் இருந்தது. நான் கலந்த 40 மில்லிமோல் பொட்டாசியம். அது செல்லுக்குள் போகும்போது சோடியம் வெளியே வரும். ஆகையால் கணக்கில் அதையும் சோடியம்போலவே கூட்ட வேண்டும். 40ஐ 22.5ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 2. சலைன் தந்த அளவு உயர்வைப் பொட்டாசியமும் சத்தமில்லாமல் தந்திருக்கிறது.

வேகமாக ஏறினால் என்ன கெட்டுவிடும்? சோடியம் குறைந்த இரண்டு நாளுக்குள் மூளை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வீங்காமல் இருக்க, செல்களுக்குள் உள்ள பொட்டாசியத்தையும் குளுடமேட், டாரின், மையோ-இனோசிட்டால் போன்ற கரைபொருள்களையும் வெளியேற்றிவிடுகிறது. அவற்றைத் திரும்பச் சேர்க்க அதற்குப் பல நாள் வேண்டும். அதற்குள் வெளியே சோடியம் சட்டென்று ஏறினால், உப்புப் பிசறிய மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதைப்போல மூளைச் செல் சுருங்கும்; நரம்பின் மைலின் உறை சிதையும். 1959இல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் ஆகிய மூவரும் நான்கு நோயாளிகளிடம் மூளைத்தண்டின் நடுவே இந்தச் சிதைவைக் கண்டு எழுதினார்கள். குடியாலும் ஊட்டக்குறைவாலும் வந்தது என்று அன்று எண்ணினார்கள். நாம் ஏற்றிய சலைனுக்கும் அதில் பங்குண்டு என்பது எண்பதுகளில்தான் தெளிவானது. 1986இல் ஸ்டெர்ன்ஸ் குழுவினர் அதை ஆஸ்மோட்டிக் டிமையலினேஷன் என்று பெயரிட்டு விவரித்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், சோடியம் ஏறிய அன்று நோயாளி தெளிவாகப் பேசுவார். குடும்பம் மகிழும், நாமும் மகிழ்வோம். இரண்டு முதல் ஆறு நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் செயலிழக்கும். சிலர் கண்ணை மட்டும் அசைத்தபடி உள்ளே விழித்துக் கிடப்பார்கள். அப்போது எடுக்கும் எம்ஆர்ஐயில் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆகவே "பாட்டி நல்லாப் பேசுறாங்க" என்பது ஆறுதல் அல்ல. அந்த சிஸ்டருக்கு அது தெரிந்திருந்தது.

ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. சோடியம் 105 அல்லது அதற்கும் கீழே இருப்பவர், பொட்டாசியம் குறைந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், ஊட்டம் குன்றியவர், கல்லீரல் நோய் முற்றியவர் ஆகியோர் எளிதில் பாதிக்கப்படுவார்கள். இவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஏறக்கூடாது. 4 முதல் 6 வரையே இலக்கு. மற்றவர்களுக்கு 10 வரை போகலாம். அண்மை ஆண்டுகளில் சில ஆய்வுகள் எல்லா நோயாளிக்கும் இவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமா என்று கேட்கின்றன. கேள்வி நியாயமானது, ஆனால் நான் சொன்ன ஐந்து வகையினருக்கு வரம்பைத் தளர்த்த அவை காரணம் ஆகா. ஓட்டப் பந்தயத்தில் ஓடியவர், ஒரே நாளில் தண்ணீரைக் குடித்துத் தள்ளியவர் என்று சில மணி நேரத்துக்குள் சோடியம் குறைந்தது உறுதியாகத் தெரிந்தால் இந்த அச்சம் மிகக் குறைவு. எப்போது குறைந்தது என்று தெரியாவிட்டால் நாள்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். சலைனை நிறுத்தினோம். திறந்த குழாயை நாமே அடைக்க வேண்டும். அதற்கு டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் ஊசி. ஏறியதைச் சற்று இறக்க 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 3 மில்லி கணக்கில் மணிக்கு 150 மில்லி, இரண்டு மணி நேரம். அந்த அளவு ஒவ்வொன்றும் சோடியத்தை ஏறக்குறைய ஒன்று இறக்கும். இரண்டு மணிக்கொரு முறை சோடியம், மணிக்கொரு முறை சிறுநீர் அளவு. குழாய் அடைபட்டிருக்கும்போது குடிக்கும் தண்ணீரும் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் குடத்தை எடுத்துவிடச் சொன்னோம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி தொடர்ந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு 114. முழு நாளில் ஏறியது ஆறு. அதன் பிறகு நாளுக்கு ஐந்து ஆறாக ஏற்றினோம். வார இறுதியில் நடந்து வீட்டுக்குப் போனார். கேஸ் ஷீட்டிலும் வீட்டுக்குக் கொடுத்த சீட்டிலும் தையாசைடு இனி எப்போதும் கூடாது என்று எழுதினோம்.

அன்றிரவு என் படத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு வரி அடியில் இருந்தது. நான் வேலை செய்த இடமோ முதல் கிளையின் நடுவில். கீழே இறங்கி வருவதற்குள் விபத்து நடந்துவிட்டது. எச்சரிக்கை எல்லோருக்கும் பொதுவானதாகத் தெரிந்ததால் யாருக்கும் உரியதாக இல்லாமல் போனது. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு கேள்வியைப் புதிதாக எழுதினேன்: 'நான் கொடுக்கும் மருந்து குழாயைத் திறக்குமா?'

அந்தக் கேள்வியோடு மூன்று கிளைகளையும் மறுபடி பாருங்கள்.

வற்றியவருக்குச் சலைன் கொடுக்கிறோம். குழாய் சட்டென்று திறக்கும். எளிய வைத்தியம் என்று நாம் அலட்சியமாக இருக்கும் கிளைதான் மிக ஆபத்தான கிளை.

நீர் அளவு சரியாக உள்ளவரிடம் பதில் காரணத்தைப் பொறுத்தது. நுரையீரல் கட்டியோ மூளை நோயோ தரும் எஸ்ஐஏடிஹெச்சில் குழாய் அடைபட்டே நிற்கும். அங்கே ஆபத்து எதிர்ப்பக்கம். சிறுநீரின் ஆஸ்மொலாலிட்டி 600க்கு மேல் நிலைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு லிட்டர் நார்மல் சலைன் கொடுத்தால், அதிலுள்ள 308 மில்லிஆஸ்மோல் உப்பை அவர் அரை லிட்டர் சிறுநீரிலேயே கழித்துவிடுவார். மீதி அரை லிட்டர் வெறும் நீராக உடம்பில் தங்கும். சோடியம் இன்னும் இறங்கும். அவருக்கு வேண்டியது தண்ணீர்க் கட்டுப்பாடு. ஆனால் இதே கிளையில் கார்டிசால் குறைந்தவரும் உட்கார்ந்திருக்கிறார். பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு, பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், பல ஆண்டு கழித்துச் சோடியம் குறைந்து வரும் பெண்களை நம் வார்டுகளில் பார்க்கிறோம். பிட்யூட்டரி சுருங்கிய ஷீஹன் நோய் அது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவருக்கும் பிட்யூட்டரி பழுதாவதுண்டு. ஆகவே எஸ்ஐஏடிஹெச் என்று எழுதும் முன் காலைக் கார்டிசாலும் தைராய்டும் பார்க்காமல் இருக்கக்கூடாது. ஹைட்ரோகார்டிசோன் முதல் ஊசி போட்டதும் அவர்களின் குழாயும் சட்டென்று திறக்கும். சலைனே கொடுக்காமல் சோடியம் பறக்கும்.

வீங்கியவரிடம், அதாவது இதயம், கல்லீரல், சிறுநீரகம் தளர்ந்தவரிடம், காரணம் சீக்கிரம் நீங்குவதில்லை. குழாயும் மெதுவாகத்தான் விடும். உப்பும் நீரும் குறைத்து, ஃப்யூரோசமைடு கொடுக்கிறோம். டோல்வாப்டன் கொடுத்தால் மட்டும் குழாயை நாமே கையால் திறக்கிறோம். அன்று தண்ணீர் குடிப்பதைத் தடுக்கக்கூடாது, 3 சதவீத சலைனோடு சேர்க்கவும் கூடாது. கல்லீரல் நோயாளிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

திருத்திய படத்தைப் பலகையில் எழுதுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வலிப்பு, நினைவிழப்பு → 3% சலைன் 100–150 மில்லி. 4–6 ஏறியதும் நிறுத்து.
2. மெய்யான குறைவா? → சர்க்கரை, இரத்த ஆஸ்மொலாலிட்டி.
3. சிறுநீர் ஆஸ்மொலாலிட்டி 100க்குக் கீழ் → மிகை நீர், குறை உணவு. குழாய் ஏற்கெனவே திறந்தது: உணவு, உப்பு சேர்ந்ததும் வேகமாக ஏறும்.
4. 100க்கு மேல் → நீர் அளவைப் பென்சிலில் எழுது; சிறுநீர்ச் சோடியம், யூரிக் அமிலம், யூரியாவால் உறுதிசெய்.
   அ. வற்றியவர் → சலைன். குழாய் திறக்கும்: சட்டென்று.
   ஆ. சரியான அளவு → கார்டிசால், தைராய்டு பார். எஸ்ஐஏடிஹெச் என்றால் திறக்காது, சலைன் கெடுக்கலாம். கார்டிசால் குறை என்றால் திறக்கும்: சட்டென்று.
   இ. வீங்கியவர் → உப்பு, நீர் குறை. திறக்கும்: மெதுவாக.
5. 'சட்டென்று' என்று எழுதிய எந்தக் கட்டத்திலும் → சிறுநீர் மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் உடனே சோடியம் பார். பொட்டாசியத்தையும் கணக்கில் சேர்.

கடைசி வரியில் 100 மில்லி என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். என் நோயாளிக்கு 400 ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வரியை மருத்துவரின் கையேட்டில் மட்டும் எழுதிப் பயனில்லை. பையைக் காலி செய்பவர் கையிலுள்ள அளவுத் தாளின் தலையில் எழுத வேண்டும். அன்று அந்த சிஸ்டரிடம் என் படம் இல்லை. அவர் பையைப் பார்த்தார். என்னிடம் படம் இருந்தது. நான் பையைப் பார்க்கவில்லை.